தேர்ச்சி மதிப்பெண் வரையறையில் எல்லைநிலைத் தேர்வர்: அங்காஃப் முறை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தகுதிச் சான்றிதழ்த் தேர்வுகளில் தேர்ச்சி மதிப்பெண்ணை வல்லுநர்களின் கணிப்பைக் கொண்டு வரையறுக்கும் முறைகளுள் பரவலாக வழங்குவது அங்காஃப் முறை. இம்முறை வினாத்தாளின் ஒவ்வொரு வினாவையும் ‘எல்லைநிலைத் தேர்வர்’ என்னும் கருத்துருவோடு பொருத்திப் பார்க்கிறது. அதன் படிநிலைகளைத் தமிழ் மெய்ப்புத் திருத்துநருக்கான மாதிரித் தேர்வு ஒன்றின் வழி விளக்குவதும், இறுதி எண்ணின் நம்பகத்தன்மை எதைச் சார்ந்துள்ளது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: தேர்ச்சி மதிப்பெண், எல்லைநிலைத் தேர்வர், அங்காஃப் முறை, வல்லுநர் கணிப்பு, மெய்ப்புத் திருத்தம்

முன்னுரை

தமிழ் பயின்றோர் எழுதும் இரு தேர்வுகள் தேர்ச்சியை இரு வேறு வகையில் வரையறுக்கின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வில் 60 விழுக்காடு பெற்றவர் தகுதி பெற்றவர் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பெற்றிருந்தாலும், தேர்வெழுதியோருள் 6 விழுக்காட்டினர் என்னும் வரம்புக்குள் வருவோரே உதவிப் பேராசிரியர் தகுதியைப் பெறுகின்றனர்.

முதல் வகையில் எண் முன்னரே நிற்கிறது. வினாத்தாள் பின்னர் வருகிறது. எனவே வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் தகுதியுடையோரும் தோற்பர். எளிதாக அமைந்த ஆண்டில் தகுதியற்றோரும் வெல்வர். இரண்டாம் வகையில் ஒருவரின் தேர்ச்சி, அவர் அறிந்தவற்றோடு, அவருடன் தேர்வெழுதியவர்கள் யார் என்பதையும் பொறுத்து அமைகிறது. இடங்கள் குறைவாக உள்ளபோது அவ்வாறு வரிசைப்படுத்துவது பொருந்தும். ஆனால் ‘இவர் இப்பணியைச் செய்யத் தகுதியுடையவரா?’ என்பதே வினாவாயின், இவ்விரு வகைகளும் அதற்கு நேரடியாக விடையளிப்பதில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒருவரைக் கற்பனையில் நிறுத்தி, இந்த வினாத்தாளில் அவர் எத்தனை மதிப்பெண் பெறுவார் என்று துறை வல்லுநர்கள் கணித்து, அக்கணிப்பையே தேர்ச்சி மதிப்பெண்ணாகக் கொள்வது அது. இவ்வகையின் பரவலான வடிவமே அங்காஃப் முறை.

முறையின் தோற்றம்

1954இல் லியோ நெடெல்ஸ்கி என்பவர், தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட மாணவரை அடிப்படையாகக் கொண்டு பல்விடை வினாக்களுக்கான ஒரு முறையை முன்வைத்தார். அத்தகைய மாணவர் நான்கு விடைகளுள் எவற்றைத் தவறென்று ஒதுக்கிவிடுவார் என்று வல்லுநர் குறிக்க வேண்டும். இரண்டை ஒதுக்குவாராயின் எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தேர்வார். ஆகவே அவ்வினாவிற்கு அவர் பெறும் எதிர்பார்ப்பு மதிப்பெண் அரை.

1971இல் வெளிவந்த ‘கல்வி அளவீடு’ என்னும் பெருந்தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் வில்லியம் அங்காஃப் எழுதிய இயல், மதிப்பெண் அளவுகோல்களையும் அவற்றின் ஒப்புமையையும் பற்றியது. தேர்ச்சி வரையறை அதில் சிறு பகுதியாகவே இடம்பெற்றது. குறைந்தபட்சத் தகுதியுடையவர் ஒவ்வொரு வினாவிற்கும் சரியாக விடையளிப்பாரா, மாட்டாரா என்று முடிவுசெய்து கூட்டலாம் என்பது உடற்பகுதியில் உள்ள கருத்து. ஆம், இல்லை என்பதற்கு மாற்றாக, சரியாக விடையளிப்பதற்கான நிகழ்தகவைக் குறிக்கலாம் என்பது அடிக்குறிப்பில் உள்ள கருத்து. பிற்காலத்தில் அங்காஃப் முறை என்று பெயர்பெற்றது அந்த அடிக்குறிப்பே. அக்கருத்து தம்முடன் பணியாற்றிய லெட்யார்ட் டக்கருக்கு உரியது என அங்காஃப் பின்னர்க் குறிப்பிட்டார். கலந்துரையாடலும் இரண்டாம் சுற்றும் பிறரால் சேர்க்கப்பட்டவை. அவற்றோடு கூடியதே இன்று ‘திருத்தப்பட்ட அங்காஃப் முறை’ எனப்படுகிறது.

எல்லைநிலைத் தேர்வர் யார்?

எல்லைநிலைத் தேர்வர் என்பவர் சராசரித் தேர்வர் அல்லர், தோற்பவரும் அல்லர். பணிக்குத் தேவையான குறைந்த அளவுத் தகுதியை எட்டி, அதற்குமேல் செல்லாதவர். இவரைச் சொற்களால் வரைந்துகொள்வதே வல்லுநர் குழுவின் முதற்பணி. இப்பணியை விரைந்து முடித்துவிட்டால், ஒவ்வொரு வல்லுநரும் தாம் அறிந்த ஒருவரை எண்ணிக் கணிப்பார். பின்னர் வரும் கூட்டலும் சராசரியும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றிய எண்களின் கலவையாகிவிடும்.

விளக்கத்திற்காகத் தமிழ் மெய்ப்புத் திருத்துநர் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் 60 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். குழுவில் அறுவர்: இலக்கணம் கற்பிக்கும் பேராசிரியர் இருவர் (முதலாமவர், ஐந்தாமவர்), பதிப்பகங்களில் மெய்ப்புப் பிரிவை நடத்துவோர் இருவர் (இரண்டாமவர், நான்காமவர்), நாளிதழ்த் துணையாசிரியர் ஒருவர் (மூன்றாமவர்), மொழிபெயர்ப்பாளர் ஒருவர் (ஆறாமவர்). பேராசிரியர்கள் மட்டுமே அமர்ந்தால் இலக்கணத் தெளிவே அளவுகோலாகும். புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் மேசையில் எத்தகைய பிழைகள் தப்பிச் செல்கின்றன என்பதை நாள்தோறும் காண்பவரும் குழுவில் இருத்தல் வேண்டும்.

‘இலக்கணத்தில் ஓரளவு தேர்ச்சியுடையவர்’ என்னும் வரையறை இக்குழுவிற்குப் பயன்படாது. பயன்படும் வரையறை பின்வருமாறு அமையும்: எல்லைநிலைத் தேர்வர் இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை உருபுகளின் பின் வல்லினம் மிகுவதைத் தவறவிடார், வழக்கிலுள்ள சொற்களில் லகர, ளகர, ழகரப் பிழைகளைக் கண்டுகொள்வார், எதிர்மறைப் பெயரெச்சம் போன்ற இடங்களில் தடுமாறுவார், ஐயம் தோன்றினால் அகராதியை நாடுவார், பிழையற்ற தொடரைப் பிழையென்று கருதித் திருத்திவிடமாட்டார். இறுதியில் உள்ள பண்பே பல வேளைகளில் தகுதியையும் தகுதியின்மையையும் பிரிக்கும் கோடாக அமைகிறது. இவ்வரையறை எழுத்தில் இருப்பதால், பின்னர் ஒரு வினாவின்மீது கருத்து வேறுபாடு எழும்போது குழு திரும்பிச் சென்று பார்க்க ஓரிடம் கிடைக்கிறது.

முதற் சுற்று

வல்லுநரிடம் கேட்கப்படும் வினா ஒன்றே: இத்தகைய எல்லைநிலைத் தேர்வர் நூறு பேர் இவ்வினாவை எழுதினால், எத்தனை பேர் சரியாக விடையளிப்பர்? ஒருவரைப் பற்றிக் கேட்டால் ஆம், இல்லை என்றே மனம் ஓடும். நூறு பேரைப் பற்றிக் கேட்டால் இடைப்பட்ட எண்களைச் சொல்வது எளிதாகிறது. ‘விடையளிப்பர்’ என்பதே இங்குக் கேட்கப்படுகிறது. ‘விடையளிக்க வேண்டும்’ என்பது அன்று. இவ்விரண்டும் கலந்துவிட்டால் வல்லுநரின் விருப்பம் கணிப்பாக மாறி, தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்திவிடும். இச்சுற்றில் அறுவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தே எழுதுகின்றனர்.

மூன்று வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ‘கதவை திறந்தான்’ என்னும் தொடரின் பிழையைக் கேட்பது. அறுவரின் கணிப்பு முறையே 85, 90, 80, 90, 85, 80, சராசரி 85. வரையறையில் இவ்விதி வெளிப்படையாகவே இடம்பெற்றிருப்பதால் கணிப்புகள் நெருங்கி நிற்கின்றன.

இரண்டாவது, ஒற்றுப்பிழை உள்ள தொடர் எது என்னும் வினா. விடைகள்: ‘அழியாத புகழ்’, ‘அழியாப் புகழ்’, ‘ஓடாத குதிரை’, ‘ஓடா குதிரை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகும் என்பதால் நான்காவதே பிழை. கணிப்புகள் 70, 35, 60, 40, 75, 50, சராசரி 55. உயர்ந்த இரு எண்களும் பேராசிரியர்களுடையவை. தாழ்ந்த இரண்டும் மெய்ப்புப் பிரிவை நடத்துவோருடையவை. ஆண்டுதோறும் கற்பிக்கும் விதி கற்பிப்பவருக்கு எளிதாகத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றம் எல்லைநிலைத் தேர்வரின்மீது ஏற்றப்பட்டிருப்பதை இவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது, ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ என்பவற்றுள் சரியானதைக் கேட்பது. விடைக்குறிப்பு ‘வாழ்த்துகள்’ என்கிறது. கணிப்புகள் 90, 60, 30, 70, 85, 25; சராசரி 60. இங்குள்ள விரிவு முந்தைய வினாவின் விரிவைப் போன்றதன்று. வன்றொடர்க் குற்றியலுகரத்தின்பின் வல்லினம் மிகும் என்னும் விதியைப் பன்மை விகுதிக்கும் பொருத்துவோர் உளர். ‘கள்’ விகுதியே ஆதலின் அவ்விதி இங்குப் பொருந்தாது என்போரும் உளர். குறைந்த எண் தந்த இருவரும் விடைக்குறிப்பையே ஏற்காதவர்கள். அவர்கள் எல்லைநிலைத் தேர்வரைக் கணிக்கவில்லை, வினாவோடு வாதிட்டிருக்கின்றனர். அறிஞரிடையே முடிவுறாத ஒரு கருத்து வேறுபாட்டைத் தகுதியின் அளவுகோலாக்க இயலாது என்பதால், அவ்வினா தேர்விலிருந்து நீக்கப்பட வேண்டியதே. எஞ்சுபவை 59 வினாக்கள்.

கலந்துரையாடலும் இரண்டாம் சுற்றும்

முதற் சுற்றுக்குப்பின் கணிப்புகள் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. மிக உயர்ந்த எண்ணைத் தந்தவரும் மிகத் தாழ்ந்த எண்ணைத் தந்தவரும் தம் காரணத்தைச் சொல்கின்றனர். அதன்பின், வினாக்கள் முன்னரே ஒரு தேர்வர் குழுவிடம் சோதிக்கப்பட்டிருந்தால், அந்த விவரமும் தரப்படுகிறது.

‘ஓடா குதிரை’ வினாவிற்குச் சோதனையில் எழுதியோர் அனைவருள்ளும் 52 விழுக்காட்டினரே சரியாக விடையளித்தனர் என்று கொள்வோம். எழுதியோருள் வலுவானவர்களும் அடங்குவர். அவ்வாறிருக்க, எல்லைநிலைத் தேர்வருள் 60, 70, 75 விழுக்காட்டினர் விடையளிப்பர் என்பது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வி பேராசிரியர்களையும் துணையாசிரியரையும் தம் எண்ணை மறுமுறை நோக்கச் செய்கிறது. ஆயினும் இவ்விவரத்திற்கு ஓர் எல்லை உண்டு. சோதனையில் எழுதியோர் பெரும்பாலும் பயிற்சியற்றவர்களாயின், எல்லைநிலைத் தேர்வர் அவர்களினும் சிறந்தவராக இருத்தல் இயலும். எனவே எழுதியோர் யாவர் என்பதை அறியாமல் அந்த எண்ணைப் பயன்படுத்துதல் கூடாது. இரண்டாம் சுற்றில் இவ்வினாவிற்கான கணிப்புகள் 50, 40, 50, 45, 55, 45, சராசரி 47.5.

ஒவ்வொரு வல்லுநரும் 59 வினாக்களுக்கும் தந்த கணிப்புகளை நூறால் வகுத்துக் கூட்டினால், எல்லைநிலைத் தேர்வர் பெறும் மதிப்பெண் என அவர் கருதுவது கிடைக்கும். மாதிரித் தேர்வில் அவை பின்வருமாறு அமைகின்றன.

| வல்லுநர் | முதற் சுற்று | இரண்டாம் சுற்று |
|---|---|---|
| 1 | 43.0 | 38.5 |
| 2 | 34.5 | 34.5 |
| 3 | 38.0 | 37.0 |
| 4 | 35.5 | 35.5 |
| 5 | 44.0 | 39.0 |
| 6 | 33.0 | 34.5 |
| சராசரி | 38.0 | 36.5 |

குழு பரிந்துரைக்கும் தேர்ச்சி மதிப்பெண் 59க்கு 36.5, அதாவது ஏறத்தாழ 62 விழுக்காடு.

எண்ணின் உறுதிப்பாடு

இதே தகுதியுடைய வேறு அறுவர் அமர்ந்திருந்தால் இதே எண் கிடைத்திருக்குமா என்பதைத் திட்டப்பிழை ஓரளவு காட்டும். வல்லுநர்களின் மொத்தங்களுக்குரிய திட்டவிலக்கத்தை வல்லுநர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். முதற் சுற்றில் திட்டவிலக்கம் 4.6, திட்டப்பிழை ஏறத்தாழ 1.9. இரண்டாம் சுற்றில் அவை 2.0, 0.8 எனக் குறைகின்றன.

இக்குறைவைத் துல்லியம் கூடியதற்கான சான்றாகக் கொள்வது பொதுவாக நேரும் பிழை. திட்டப்பிழையின் கணக்கு, கணிப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் அடிப்படையில் அமைந்தது. கலந்துரையாடலுக்குப்பின் அவ்வடிப்படை நிலைப்பதில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் அழுத்தமாகப் பேசியதால் ஐவரும் அவர் பக்கம் நகர்ந்தாலும் விரிவு குறையும். புதிய செய்தியை அறிந்து நகர்ந்தாலும் விரிவு குறையும். எண் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும். எவர், எவ்வினாவில், எக்காரணத்தால் நகர்ந்தார் என்னும் பதிவு இருந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். மாதிரிக் குழுவில் நகர்ந்தவர் பெரும்பாலும் பேராசிரியர்களே. மெய்ப்புப் பிரிவினர் இருவரின் மொத்தமும் மாறவில்லை. சோதனை விவரம் பேராசிரியர்களின் கணிப்பைத் திருத்தியதா, பணியனுபவம் உடையோரின் குரல் அவர்களை இணங்கச் செய்ததா என்பதற்கு அப்பதிவே விடை தரும். ஆகவே இரு சுற்றுகளின் திட்டப்பிழையையும் அறிக்கையில் தருவதே நேர்மையானது.

தனி வல்லுநரின் கணிப்பும் ஆராயத்தக்கது. எளிய வினாவிற்கும் கடிய வினாவிற்கும் ஒருவர் 65, 70 என்றே எழுதிச் சென்றால், அவர் வினாக்களைப் படித்துக் கணிக்கவில்லை. ஒரு மொத்தத்தை மனத்தில் வைத்துப் பங்கிட்டிருக்கிறார். நான்கு விடைகள் உள்ள வினாவில் ஊகத்தாலேயே 25 விழுக்காட்டினர் சரியாக விடையளிக்கக்கூடும். 10 என்று எழுதுபவர் அதனை மறந்திருக்கிறார், அல்லது தவறான விடையொன்று எல்லைநிலைத் தேர்வரை வலிந்து ஈர்க்கும் என்று கருதுகிறார். எது என்று கேட்டறிய வேண்டும்.

முறையின்மீதான அடிப்படை ஐயம்

இவையனைத்தும் செம்மையாக நடந்தாலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. எல்லைநிலைத் தேர்வர் விடையளிக்கும் நிகழ்தகவைக் கணிக்கும் ஆற்றல் மனிதர்க்கு உண்டா? அமெரிக்காவில் பள்ளி மாணவரின் கல்வி முன்னேற்றத்தை அளக்கும் தேசிய மதிப்பீட்டிற்குத் தர நிலைகள் வகுக்கப்பட்டபோது இவ்வினா பெரிதாக எழுந்தது. அவற்றை ஆய்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் குழு, அங்காஃப் முறை அடிப்படையிலேயே குறைபாடுடையது என 1993இல் அறிக்கை அளித்தது. வல்லுநர்களிடம் கேட்கப்படும் பணி இயலாத ஒன்று என்பது அதன் கருத்து. அளவீட்டியலார் பலர் இதனை மறுத்தெழுதினர்.

1998இல் இம்பாரா, பிளேக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்தை நேரடியாகச் சோதித்தது. தம் வகுப்பு மாணவரை நன்கறிந்த அறிவியல் ஆசிரியர்கள், தாங்கள் அறிந்த தேர்வின் வினாக்களில் மாணவர் எவ்வாறு விடையளிப்பர் எனக் கணித்தனர். மாணவர் அனைவரையும் பற்றிய கணிப்பைவிட எல்லைநிலை மாணவரைப் பற்றிய கணிப்பே உண்மையிலிருந்து மிகுதியாக விலகியது. மாணவரை நேரில் அறிந்தவர்களுக்கே இது கடினம் என்றால், சொற்களால் வரையப்பட்ட ஒருவரைக் கணிப்போரின் நிலை அதனினும் கடினமே.

இவ்வாய்வு முறையைக் கைவிடச் சொல்கிறதா? கணிப்புகள் தனித்தனி வினாக்களில் பிழைபட்டாலும், பிழைகள் ஒருபுறமே சாயாவிட்டால் கூட்டுத்தொகையில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்யும். இடர் தருவது ஒருபுறம் சாயும் பிழை. வல்லுநர்கள் கடினமான வினாவை எளிதென்றும் எளிய வினாவைக் கடினமென்றும் கருதி நடுவை நோக்கிக் கணிப்பது பலமுறை காணப்பட்ட போக்கு. இப்போக்கால், கடினமான வினாக்கள் நிறைந்த தாளில் தேர்ச்சி மதிப்பெண் தகுதிக்கு மேலாக உயரும். எளிய தாளில் தகுதிக்குக் கீழாக இறங்கும். தாளின் கடினத்தை ஈடுசெய்வதற்காகக் கொண்டுவரப்பட்ட முறை, அவ்வீட்டைக் குறைவாகவே செய்கிறது என்பது இதன் பொருள். சோதனை விவரத்தோடு கூடிய இரண்டாம் சுற்று இன்றியமையாததாவது இதனாலேயே.

36ஆ, 37ஆ?

மதிப்பெண் முழு எண்ணாகவே வரும்; பரிந்துரையோ 36.5. எந்தப் பக்கம் செல்வது என்பதற்குக் கணக்கில் விடையில்லை. 37 எனின் தகுதியுடைய சிலர் தோற்பர். 36 எனின் தகுதி குறைந்த சிலர் வெல்வர். இரண்டில் எந்த இழப்பு பெரியது என்பது பணியைப் பொறுத்தது. மருத்துவ உரிமத் தேர்வில் தகுதியற்றவரை அனுமதிப்பதன் இழப்பு நோயாளிக்கு உரியது. மெய்ப்புத் திருத்துநரின் பணியைப் பதிப்பாசிரியர் மீண்டும் பார்க்கும் வழக்கம் இருந்தால், தகுதியுடையவரைத் தோற்கடிப்பதே பெரிய இழப்பாகக் கருதப்படலாம். அவ்வழக்கம் இல்லாத பதிப்பகத்தில் பிழை நேராக நூலேறும்.

வல்லுநர் குழு பரிந்துரைக்கிறது. தேர்வை நடத்தும் அமைப்பு முடிவுசெய்கிறது. அமைப்பு 36 என்று முடிவுசெய்தால் அதன் காரணத்தைத் தேர்வர் பட்டியலைப் பார்க்கும் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பட்டியலைக் கண்டபின் எழுதப்படும் காரணம், குறிப்பிட்ட சிலரை உள்ளே கொணரவோ வெளியே நிறுத்தவோ எழுதப்பட்டது என்னும் ஐயத்திலிருந்து தப்ப முடியாது. மேலும் இம்முடிவு இந்த 59 வினாக்களுக்கே உரியது. அடுத்த ஆண்டின் தாளுக்கு 36ஐ அப்படியே எடுத்துச் சென்றால், முன்னுரையில் கூறப்பட்ட நிலையான விழுக்காட்டின் குறையே மீண்டும் வந்துசேரும். இரு தாள்களுக்கும் பொதுவான சில வினாக்களை வைத்து மதிப்பெண்களை ஒப்புமைப்படுத்தவோ, புதிய தாளுக்குக் குழுவை மீண்டும் கூட்டவோ வேண்டும்.

முடிவுரை

அங்காஃப் முறை தேர்ச்சி மதிப்பெண்ணைக் கண்டுபிடிப்பதில்லை. தகுதி எது என்பது குறித்த ஒரு குழுவின் முடிவை, ஒரு குறிப்பிட்ட வினாத்தாளின் மதிப்பெண்ணாக அது மாற்றித் தருகிறது. மாதிரித் தேர்வில் 38 என்பது 36.5 ஆனது வினாத்தாள் மாறியதால் அன்று. எல்லைநிலைத் தேர்வரைப் பற்றிய பார்வை மாறியதால். இம்முறையைப் பின்பற்றும் தேர்வின் அறிக்கையைப் படிப்போர் முதலில் தேட வேண்டியவை நான்கு: எல்லைநிலைத் தேர்வரின் எழுதப்பட்ட வரையறை, குழுவினரின் பணிப்பின்னணி, கலந்துரையாடலுக்கு முந்தைய கணிப்புகள், பின்னம் முழு எண்ணாக்கப்பட்டதன் காரணம். இவை இருந்தால், 36 மதிப்பெண் பெற்ற ஒருவர் தம் முடிவின் காரணத்தைக் கேட்கும்போது அதற்குப் பதில் உண்டு. இவை இல்லாதபோது 36.5 என்னும் எண்ணில் உள்ள புள்ளிக்குப் பிந்தைய இலக்கம், இல்லாத துல்லியத்தின் தோற்றமாகவே நிற்கும்.